காற்றைக் குத்தகைக்கு விட்டால்

நிலத்தை அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு நம் ஊரில் இரண்டு வழி இருக்கிறது. வாரத்துக்கு விட்டால் விளைந்ததில் பங்கு வரும். நன்றாக விளைந்த வருஷம் முப்பது மூட்டை, மழை பொய்த்த வருஷம் பத்து, சராசரியாகப் பார்த்தால் இருபது என்று வைத்துக்கொள்வோம். குத்தகைக்கு விட்டால் அந்தக் கதையே இல்லை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய மூட்டை வீட்டு வாசலில் இறங்கியாக வேண்டும். ஆனால் குத்தகைக்கு எடுப்பவர் இருபது மூட்டை தர மாட்டார். பதினேழில் ஆரம்பித்துப் பதினாறில் முடியும் பேச்சு. பட்டணத்தில் குடியிருக்கும் நிலக்காரர் பதினாறுக்குத் தலையாட்டுகிறார் என்றால், சராசரி இருபது மூட்டை வரக்கூடிய நிச்சயமில்லாத வாரமும், கட்டாயம் வரும் பதினாறு மூட்டையும் அவர் மனசுக்கு ஒன்றுதான் என்று பொருள்.

நிதித் துறையில் அந்தப் பதினாறுக்கு ‘நிச்சயச் சமமதிப்பு’ என்று பெயர். பெயர் பெரிசு, சங்கதி இவ்வளவுதான். 1738-ல் டேனியல் பெர்னூலி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் இதே கணக்கு வேறு வேஷத்தில் வருகிறது. ஓர் ஏழையின் கையில் லாட்டரிச் சீட்டு இருக்கிறது. விழுந்தால் 20,000 டுக்கட் பொற்காசு, விழாவிட்டால் ஒன்றுமில்லை, இரண்டுக்கும் சம வாய்ப்பு. சராசரி 10,000. அதை அவன் 9,000-க்கு விற்றால் முட்டாளா என்று கேட்டார் பெர்னூலி. இல்லை என்பது அவர் பதில். அதே சீட்டு 9,000-க்குக் கிடைத்தும் வாங்காத பணக்காரன்தான் தவறு செய்கிறான் என்றார். ஒரே சீட்டுக்கு ஆளுக்கு ஆள் குத்தகை வேறு.

இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது கோவையில் ஆடிட்டராக இருக்கும் நண்பரின் அறையில். எதிரே ஒரு நூற்பாலை உரிமையாளர், அறுபதைத் தாண்டியவர். உடுமலைப் பக்கம் ஒரு காற்றாலை விலைக்கு வருகிறதாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசும் பகுதி. இடத்தோடு சேர்த்து எட்டுக் கோடி. இருபது வருஷத்துக்கு யூனிட் ஒன்றுக்கு ஒரே விலை என்று மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் இருக்கிறது. பராமரிப்பெல்லாம் போக ஆண்டுக்குச் சராசரியாக ஒரு கோடி ரூபாய் கையில் நிற்கும். எளிமைக்காக நான் எண்களை வட்டமாக்கியிருக்கிறேன், வரியையும் கடனையும் ஒதுக்கிவிட்டேன்.

நண்பர் எக்செல்லைத் திறந்து வழக்கமான கணக்கைப் போட்டார். அரசுக் கடன் பத்திரத்தில் போட்டால் ஆபத்தில்லாமல் 7 சதவீதம் கிடைக்கிறது. காற்றாலையில் ஆபத்து இருக்கிறது, ஆகவே அதற்கு மேல் ஒரு 5 சதவீதம். மொத்தம் 12. வரப்போகும் இருபது கோடியையும் வருஷ வாரியாக 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 7 கோடியே 47 லட்சம். விலையோ எட்டுக் கோடி.

“ஆகாதுங்கண்ணா” என்றார் நண்பர். “ஐம்பத்து மூணு லட்சம் நட்டம் காட்டுது.”

பெரியவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏனுங்க தம்பி, அந்த அஞ்சு பர்சென்ட்டு எங்கிருந்து வந்துச்சு?”

நல்ல கேள்வி. நண்பரிடம் நேர்மையான பதில் இருந்தது: “எல்லாரும் அப்படித்தானுங்க போடுறாங்க.”

ஆபத்துள்ள திட்டத்தை மதிப்பிட உலகம் முழுக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். வட்டி வீதத்தைக் கொஞ்சம் ஏற்றிப் போடுவது. பாடப் புத்தகத்தில் இதற்கு ‘இடர் சேர்த்த தள்ளுபடி வீதம்’ என்று பெயர். வரப்போகும் பணத்தை ஒரு பின்னமாக எழுதினால் மேலே எதிர்பார்க்கும் தொகை, கீழே வட்டி. இந்த முறையில் மேலே இருப்பதைத் தொடுவதில்லை. பயத்தை முழுக்கக் கீழே இறக்கிவிடுகிறோம். நிச்சயச் சமமதிப்பு முறை இதற்கு நேர்மாறானது. மேலே இருக்கும் ஒரு கோடியைக் குத்தகைத் தொகையாக வெட்டிவிட்டு, கீழே ஆபத்தில்லாத 7 சதவீதத்தை மட்டும் வைக்கிறது.

எங்கே வெட்டினால் என்ன, வெட்டு வெட்டுதானே என்று தோன்றும். இங்கேதான் வட்டியின் குணம் வேலையைக் காட்டுகிறது. வட்டி, குட்டி போடும். 12 சதவீதத்துக்குள் இரண்டு கூலி கலந்து கிடக்கிறது. ஒன்று காத்திருப்பதற்கான கூலி, மற்றது பயப்படுவதற்கான கூலி. காத்திருக்கும் கூலி வருஷத்துக்கு வருஷம் குட்டி போடுவது நியாயம், ஏனென்றால் காலம் உண்மையிலேயே கூடுகிறது. பயமும் அதே மாதிரி கூடுகிறதா? வீதத்தை ஏற்றியதுமே, கேட்காமலே, ஆமாம் என்று சொல்லிவிடுகிறோம்.

எவ்வளவு சொல்லிவிட்டோம் என்பதைக் கணக்கிட முடியும். 1.07-ஐ 1.12-ஆல் வகுத்தால் 0.955 வரும். அதாவது முதல் வருஷத்து ஒரு ரூபாய் எதிர்பார்ப்பை, நிச்சயமான 95½ பைசாவுக்குச் சமம் என்று அந்த 12 சதவீதம் சொல்கிறது. அடுத்த வருஷத்துக்கு 0.955-ஐ அதே எண்ணால் ஒரு முறை பெருக்க வேண்டும், அதற்கடுத்த வருஷத்துக்கு இன்னொரு முறை. ஐந்தாம் வருஷம் அது 80 பைசாவுக்கு வருகிறது, பத்தாம் வருஷம் 63. இருபதாம் வருஷத்து ஒரு ரூபாய் வெறும் 40 பைசா. கவனிக்க வேண்டும், இது காலத்துக்கான கழிவு அல்ல. அது தனியாக 7 சதவீதத்தில் கழிந்துகொண்டிருக்கிறது. பயத்துக்கு மட்டுமே இருபதாம் வருஷத்தில் 60 பைசாவைக் கொடுத்திருக்கிறோம்.

அலெக்சாண்டர் ராபிசெக், ஸ்டூவர்ட் மையர்ஸ் என்ற இரண்டு பேர் 1966-ல் எழுதிய கட்டுரையின் மையம் இதுதான். ஒரே வீதத்தை எல்லா வருஷத்துக்கும் போடுகிறவர், ஆபத்து ஒரே சீராக வருஷா வருஷம் ஏறுகிறது என்ற அனுமானத்தையும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறார் என்று அவர்கள் காட்டினார்கள். சில தொழிலுக்கு அது பொருந்தும், சிலதுக்குப் பொருந்தாது. பொருந்துகிறதா என்று பார்க்காமல் போடுவதுதான் கோளாறு.

காற்றாலையில் என்ன பயம்? முதலில் காற்றே. ஒரு வருஷம் பருவக்காற்று வைகாசியிலேயே பிடித்து புரட்டாசி வரை விடாமல் அடிக்கும், இன்னொரு வருஷம் ஆனி பாதி வரை இறக்கை சோம்பிக்கொண்டு நிற்கும். வருஷ உற்பத்தியில் பெரும்பகுதி இந்த நான்கைந்து மாதத்தில்தான் வருகிறது என்பதால் பருவம் கொஞ்சம் தவறினாலும் வருமானத்தில் தெரியும். ஆனால் போன வருஷம் காற்று குறைந்தது என்பதற்காக இந்த வருஷம் அந்தக் குறைந்த இடத்திலிருந்து தொடங்குவதில்லை. ஒவ்வொரு வருஷமும் காற்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. இருபதாம் வருஷத்துக் காற்றைப் பற்றிய நம் சந்தேகமும் இரண்டாம் வருஷத்துக் காற்றைப் பற்றிய சந்தேகமும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

பஞ்சு விலை அப்படியில்லை. இந்த வருஷம் கண்டி ஐயாயிரம் ஏறினால் அடுத்த வருஷத்து விலை அந்த ஏறிய இடத்திலிருந்து நடக்கத் தொடங்கும். அடிமேல் அடியாக விலகி, பத்து வருஷத்தில் எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது. அந்த மாதிரிப் பயம் காலத்தோடு சேர்ந்து வளர்கிறது. ஏற்றிய வட்டி வீதம் அதற்குப் பொருத்தமான கருவிதான். விலையின் மேல் நிற்கும் தொழிலுக்கு 12 போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. காற்றின் மேல் நிற்கும் தொழிலுக்கு அதே 12-ஐப் போடும்போதுதான் இருபதாம் வருஷத்துக் காற்று 40 பைசாவாகிறது.

முதல் வருஷத்திலும் அந்த முறை தவறுகிறது, எதிர்ப்பக்கமாக. காற்றாலையில் உண்மையில் அதிகச் சந்தேகம் இருப்பது ஆரம்பத்தில். உயரத்தில் காற்றை அளந்த கருவி சரியா, முன்னால் நிற்கும் வேறொரு காற்றாலை காற்றைக் கலக்கிவிடுகிறதா, மதிப்பீட்டாளர் போட்ட கணக்கு நிஜத்தோடு ஒட்டுகிறதா என்பதெல்லாம் இரண்டு மூன்று பருவம் ஓடினால்தான் தெரியும். தெரிந்த பிறகு அந்தச் சந்தேகம் போய்விடும். ஆக, அதிகம் பயப்பட வேண்டிய வருஷத்துக்கு 4½ பைசா வெட்டும், பழகிப் போன பின் வருஷங்களுக்கு 60 பைசா வெட்டும் விழுகிறது.

நண்பர் இதைப் பெரியவரிடம் அப்படியே சொல்லவில்லை. வேறு மாதிரி கேட்டார்.

“அண்ணா, காத்தாடிய நீங்க ஓட்ட வேண்டாம். ஒருத்தர் வந்து வருஷக் குத்தகைக்கு எடுத்துக்கறாருன்னு வைங்க. காத்து அடிச்சாலும் அடிக்காட்டியும் பணம் வந்துரும். எவ்வளவு குடுத்தா விடுவீங்க?”

“ஒரு கோடிதான வரும்னீங்க. தொண்ணூத்தஞ்சு குடுக்கச் சொல்லுங்க.”

“அவர் தொண்ணூறுதான்கறார்.”

“விடலாம்.”

“எண்பத்தஞ்சு?”

பெரியவர் மேஜையில் கிடந்த உற்பத்தி அறிக்கையைப் புரட்டினார். அதில் இரண்டு எண் இருந்தது. ஒன்றை பி50 என்பார்கள். உற்பத்தி அதற்கு மேலே போகவும் கீழே வரவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்தக் காற்றாலைக்கு அது 30 லட்சம் யூனிட். மற்றது பி90. பத்துக்கு ஒன்பது வாய்ப்பில் அந்த அளவையாவது எட்டிவிடும் என்ற எண். அது 26 லட்சம் யூனிட். உற்பத்தி 13 சதவீதம் குறைந்தாலும் பராமரிப்புச் செலவு குறையாது என்பதால், கையில் நிற்கும் ஒரு கோடி, 84 லட்சம்போல ஆகும். கடன் கொடுக்கும் வங்கிகள் தவணை கட்ட முடியுமா என்று பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான்.

“எண்பத்தஞ்சுன்னா குடுத்துட்டு நிம்மதியா இருப்பேன். அதுக்குக் கீழன்னா நானே ஓட்டிக்கறேன்” என்றார்.

கிடைத்துவிட்டது எண். பி90-ம் பெரியவரின் குத்தகையும் அக்கம்பக்கத்தில் வந்ததால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பி90 வங்கி தன் தவணைக்காகப் பார்த்துக்கொள்ளும் தற்காப்பு; அதில் மனசு கிடையாது. குத்தகை எண் ஒருவர் எதற்குச் சம்மதிப்பார் என்பது. இருபது காற்றாலை வைத்திருப்பவர் இதே இடத்தில் 95-க்குக் கீழே இறங்கமாட்டார். பெர்னூலியின் பணக்காரன் அவர்தான்.

இப்போது கணக்கை மறுபடி போடலாம். வருஷத்துக்கு நிச்சயமான 85 லட்சம், இருபது வருஷம், 7 சதவீதம். இன்றைய மதிப்பு 9 கோடி. எட்டுக் கோடி கொடுத்து வாங்கினால் ஒரு கோடி மிச்சம். ஒரே காற்றாலை, ஒரே மேஜை. ஒரு கணக்கு ஐம்பத்து மூன்று லட்சம் நட்டம் என்கிறது, இன்னொன்று ஒரு கோடி லாபம் என்கிறது.

அப்படியானால் 12 அதிகம், சரியான வீதம் எது என்று கேட்கத் தோன்றும். நண்பரும் அதைத் தேடினார். 9 கோடியைத் தரும் வீதம் 9.2 சதவீதம். சரி, இனிமேல் எல்லாக் காற்றாலைக்கும் 9.2 போட்டுவிடலாமா? ஒப்பந்தம் இருபது வருஷத்துக்குப் பதில் ஐந்தே வருஷம் என்று மாற்றிப் பார்த்தோம். அதே காற்று, அதே 85 லட்சம் குத்தகை. இப்போது பொருந்தும் வீதம் 13.4 ஆகிவிட்டது. ஒரே ஒரு வருஷம் என்றால் கிட்டத்தட்ட 26. பெரியவரின் பயம் ஒரு பைசா கூடவோ குறையவோ இல்லை, வருஷக் கணக்கு மட்டும் மாறியது. வீதம் 9-க்கும் 26-க்கும் இடையே ஓடுகிறது. ஆகவே ‘இந்தத் தொழிலுக்கு இந்த வீதம்’ என்று ஓர் எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது, பயம் வளராத தொழிலில் நடக்கவே நடக்காது. பதினைந்து சதவீத வெட்டை ஒரே வருஷத்தில் வட்டியாக வசூலிக்க வேண்டுமானால் வீதம் தடியாக இருக்க வேண்டும். இருபது வருஷத்தில் பரப்பி வசூலித்தால் மெலிந்துவிடும்.

வீதத்தை ஏற்றும் முறை இன்னும் மோசமாகக் காலை வாரும் இடம் ஒன்று இருக்கிறது. அது வரவில் அல்ல, செலவில்.

பதினைந்தாம் வருஷ வாக்கில் கியர்பாக்ஸ் மாற்ற வேண்டி வரும் என்று நண்பரின் குறிப்பில் இருந்தது. அன்றைக்கு எவ்வளவு ஆகும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. சராசரியாக ஒரு கோடி என்று போட்டிருந்தார்கள். கிரேன் கிடைப்பதைப் பொறுத்து, உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். ஆபத்தான தொகை, ஆகவே 12 சதவீதம். இன்றைய மதிப்பு 18 லட்சம். ஆபத்தில்லாத 7 சதவீதத்தில் போட்டிருந்தால் 36 லட்சம்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிச்சயமாக ஒரு கோடி கொடுக்க வேண்டும் என்றால் பாரம் 36 லட்சம். ஒரு கோடியாகவும் இருக்கலாம், ஒன்றரையாகவும் இருக்கலாம் என்று வயிற்றில் புளியைக் கரைத்தால் பாரம் 18 லட்சமாகக் குறைந்துவிடுகிறதாம். இன்னும் பயந்து 15 சதவீதம் போட்டால் இன்னும் குறையும். பயப்படப் பயப்படச் செலவு இலேசாகிறது! வரவுக்கு எதிராக வேலை செய்யும் கத்தி, செலவின் பக்கம் திரும்பியதும் நமக்குச் சாதகமாக வெட்டிக்கொண்டிருக்கிறது. திட்டத்தின் கடைசியில் பெரிய செலவு காத்திருக்கும் தொழில்களில், சுரங்கத்தை மூடுவது, அணு உலையைப் பிரிப்பது மாதிரி, இந்தப் பிழையால் ஒரு திட்டம் இருப்பதைவிட அழகாகத் தெரியும்.

குத்தகைக் கேள்வியைச் செலவுக்கும் கேட்கலாம். “இன்னைக்கே ஒருத்தர், பதினஞ்சாம் வருஷம் எவ்வளவு ஆனாலும் நானே மாத்தித் தர்றேன், அன்னைக்கு ஒரே தொகையாக் குடுத்துருங்கன்னா, எவ்வளவு வரைக்கும் ஒத்துக்குவீங்க?” பெரியவர் ஒரு கோடியே பதினைந்து லட்சம் வரை போகலாம் என்றார். செலவில் நிச்சயச் சமமதிப்பு சராசரிக்கு மேலே நிற்கிறது. இன்ஷூரன்ஸ் கட்டுகிற எல்லாரும் செய்வது இதுதான். 7 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு கிட்டத்தட்ட 42 லட்சம். அதைக் கழித்தால் காற்றாலையின் மிச்சம் ஒரு கோடியிலிருந்து 59 லட்சமாக இறங்கியது. 12 சதவீதக் கணக்கில் நட்டம் 71 லட்சம்.

இவ்வளவு சௌகரியமான முறையாக இருந்தால் ஏன் எல்லாரும் வீதத்தையே பிடித்துத் தொங்குகிறார்கள்? சோம்பல் பாதிக் காரணம். மீதிப் பாதி நியாயமானது. நிச்சயச் சமமதிப்பை யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்கிறவரையும் சொல்கிறவரையும் பொறுத்து எண் ஆடும். காலையில் நல்ல காற்றைப் பார்த்துவிட்டு வந்தவர் 90 என்பார், மாலையில் மின்கட்டண பாக்கியைப் பார்த்தவர் 80 என்பார். திட்டத்தை எப்படியாவது நடத்திவிடத் துடிக்கும் மேலாளரிடம் கேட்டால் 98 என்பார். வீதத்துக்கோ பங்குச் சந்தையில் ஓர் ஆதாரம் இருக்கிறது. அதே தொழிலில் உள்ள கம்பெனிகளின் பங்கு சந்தையோடு சேர்ந்து எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, முதலீட்டாளர்கள் எவ்வளவு கூடுதல் எதிர்பார்க்கிறார்கள் என்று கணிக்கலாம்.

அந்தக் கோணம் இன்னொன்றையும் சொல்கிறது. பல பங்குகளில் பணத்தைப் பிரித்துப் போட்டிருப்பவருக்கு, உடுமலையில் ஒரு வருஷம் காற்று குறைந்தது ஒரு பொருட்டே இல்லை. பருவக்காற்று குறைந்தால் பங்குச் சந்தையும் விழும் என்று எதுவுமில்லை. அந்த நட்டம் வேறெங்கோ வரும் லாபத்தில் கரைந்துவிடும. அவரைப் பொறுத்தவரை காற்றின் ஆட்டத்துக்கு வெட்டே வேண்டியதில்லை. சேமிப்பில் பெரும்பகுதியை ஒரே காற்றாலையில் போடப்போகும் நூற்பாலைக்காரருக்கு அப்படிக் கரைக்க வேறு இடம் இல்லை. 85 என்பது அவருடைய எண். பட்டியலில் உள்ள பெரிய கம்பெனி அதைக் கடன் வாங்கிப் பயன்படுத்தக் கூடாது.

சந்தையே நிச்சயச் சமமதிப்பைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு. பெரியவருக்கு அது பழக்கம்தான், பஞ்சில் முன்பேர வியாபாரம் தெரியும். ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய பஞ்சுக்கு இன்றைக்கே பேசி முடிக்கும் விலை ஜோசியம் அல்ல. ஆபத்தை அடுத்தவர் தலையில் மாற்றிவிட்டு இன்றைக்கே உறுதியாக்கிக்கொள்ளக்கூடிய விலை. அதாவது குத்தகை. தங்கச் சுரங்கம், கச்சா எண்ணெய்க் கிணறு எல்லாவற்றையும் இப்படி முன்பேர விலையை வைத்து மதிப்பிடலாம், கீழே வெறும் 7 சதவீதம் போதும்.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நுழைகிறது. முன்பேர விலையை மேலே போட்டுவிட்டு, “ஆபத்துள்ள தொழிலாச்சே” என்று கீழேயும் 12 போடுவார்கள். காற்றாலையில் இதற்கு இணை, உற்பத்திக்கு பி90-ஐ எடுத்துக்கொண்டு வீதத்தையும் ஏற்றுவது. ஒரே பயத்துக்கு இரண்டு முறை கூலி. நண்பரின் முதல் எக்செல்லில் இது இல்லை. ஆனால் அந்தக் காற்றாலையை ஏற்கெனவே பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன இன்னொருவரின் அறிக்கை நகலாக வந்திருந்தது, அதில் இருந்தது. 84 லட்சத்தை 12 சதவீதத்தில் கழித்து ஆறேகால் கோடி என்று மதிப்புப் போட்டிருந்தார்கள். கண்டுபிடிப்பது சுலபம். மேலே இருக்கும் எண் சராசரியா, வெட்டிய எண்ணா என்று மட்டும் கேட்க வேண்டும். வெட்டிய எண் என்றால் கீழே கடன் பத்திர வட்டிக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது.

வீதத்தை விட மனமில்லாதவர்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 1.07-ஐத் தாங்கள் போட்ட வீதத்தோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, வருஷ வாரியாகப் பெருக்கி, ஒரு ரூபாய்க்கு எத்தனை பைசா என்று எக்செல்லில் பக்கத்திலேயே ஒரு வரிசை எழுதிக்கொள்வது. ‘பதினைந்தாம் வருஷத்து ஒரு ரூபாயை நிச்சயமான 50 பைசாவுக்கு நான் விட்டுக்கொடுப்பேனா?’ கொடுப்பேன் என்றால் வீதம் இருக்கட்டும். கொடுக்க மாட்டேன் என்றால் வீதம் பொய் சொல்கிறது.

நண்பர் அந்த வரிசையைப் பெரியவருக்குத் திருப்பிக் காட்டினார். 96, 91, 87 என்று தொடங்கி 40 வரை இறங்கும் பட்டியல். அதன் பக்கத்தில் இருபது முறை 85. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரிசையையும் மேலிருந்து கீழே வாசித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது, அங்கேதான் 12 சதவீத வரிசை அவருடைய 85-க்குக் கீழே இறங்குகிறது.

“இதுல ரெண்டுமே தப்புங்க” என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“காத்துக்கு எண்பத்தஞ்சு சரி. அது எந்த வருஷமானாலும் சரி. ஆனா கரெண்ட்ட வாங்கறவன் ஒருத்தன் இருக்கானில்ல? இன்னைக்கு நல்லாத்தான் இருக்கான். பத்து வருஷம் கழிச்சு எப்படி இருப்பான்னு யாரு கண்டா? பில்ல ஆறு மாசம் இழுத்தடிச்சான்னா? ஒப்பந்தத்த மாத்தணும்னு வந்து நின்னா?”

காற்று மறந்துவிடும், வாங்குகிறவரின் நிலைமை மறக்காது. இந்த வருஷம் கொஞ்சம் சரிந்தால் அடுத்த வருஷம் அந்தச் சரிவிலிருந்துதான் தொடங்கும். பஞ்சு விலை மாதிரி வளரும் பயம் இது. இருவேறு பயத்தை ஒரே 85-ல் அடைத்தது எங்கள் தவறு. கருவி இதற்கு இடம் கொடுக்கிறது: ஒவ்வொரு வருஷத்துக்கும் வேறு வேறு எண் போடலாம், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லலாம்.

“கடைசிப் பத்து வருஷத்துக்கு எழுபது போடுங்க” என்றார்.

நண்பர் போட்டார். முதல் பத்து வருஷம் 85 லட்சம், அடுத்த பத்து வருஷம் 70 லட்சம், எல்லாம் 7 சதவீதத்தில். 8 கோடியே 47 லட்சம் வந்தது. கியர்பாக்ஸுக்கு 42 லட்சத்தைக் கழித்தார். எட்டுக் கோடியும் ஐந்து லட்சமும் நின்றது.

“அஞ்சு லட்சந்தான் மிச்சம்” என்றார் நண்பர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பெரியவர் அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “எட்டுன்னு சொன்னவன் ஏழரைக்கு வர மாட்டானா?” என்றபடி, விற்பவரின் நம்பரை போனில் தேடிக்கொண்டே வெளியே போனார்.